இரண்டு இலக்கம் இடம் மாறியது: தவறான எண்ணுக்குப் போன ₹24,000

ஈரோட்டில் நைட்டி தைக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறார் ஒரு பெண்மணி. துணி தரும் மொத்த வியாபாரிக்கு ₹24,000 பாக்கி இருந்தது. வியாபாரி வழக்கமாகப் பணமாகவே வாங்கிக்கொள்பவர். அந்த முறை வெளியூரில் இருந்ததால், "பில்லில் இருக்கும் செல்பேசி எண்ணுக்கே போட்டுவிடுங்கள் அக்கா" என்று சொல்லியிருக்கிறார். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மாலை 4.10 மணி. பில்லின் மூலையில் பேனாவால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துச் செயலியில் தட்டும்போது, நடுவில் இருந்த 83, 38 ஆகிவிட்டது. ரகசிய எண்ணைப் போட்டார். பச்சை நிறத்தில் சரிக்குறி வந்தது. நான்கு நிமிடம் கழித்து வியாபாரி அழைத்து, பணம் வரவில்லையே என்றார்.

வங்கிக் கிளையில் பல ஆண்டுகள் வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்டவன் என்பதால் என்னை அழைத்தார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததையும், அதில் எது பயன்பட்டது, எது பயன்பட்டிருக்காது என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதலில் பார்க்க வேண்டியது: பணம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா?

நான் கேட்ட முதல் கேள்வி, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். பதற்றத்தில் எல்லோரும் "பணம் போய்விட்டது" என்றுதான் சொல்வார்கள். ஆனால் யூபிஐ வழியாக அனுப்பிய பணம் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். ஒன்று, வெற்றி. இன்னொன்று, தோல்வி. மூன்றாவது, நிலுவை. உங்கள் கணக்கில் பணம் கழிந்து, எதிர்ப்பக்கம் வரவாகாமல் தோல்வியடைந்தால் அது தானாகத் திரும்ப வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் காலக்கெடு வகுத்தது. தனிநபருக்கு அனுப்பிய பணமென்றால் அடுத்த நாள் முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி ₹100 இழப்பீடு தர வேண்டும். நிலுவை என்று காட்டினால் முடிவு தெரியும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் இரண்டுமே போய்ச் சேரக்கூடும்.

இவருடைய திரை வெற்றி என்றே காட்டியது. பணம் பெற்றவரின் பெயராக ஒரு பெண்ணின் பெயர், முதலெழுத்தோடு இருந்தது. வியாபாரியோ ஆண். அந்தப் பெயரை அனுப்புவதற்கு முன்பே இவர் பார்த்திருக்கிறார். பார்த்தும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவர் மனைவி பெயரில் கணக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

இந்தப் பதிலை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். பணம் பெறுபவரின் பெயரை வங்கிப் பதிவில் உள்ளபடியே காட்ட வேண்டும் என்று யூபிஐ செயலிகளுக்கு என்பிசிஐ எனப்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் உத்தரவிட்டு, 2025 ஜூன் 30க்குள் அதைச் செய்துமுடிக்கச் சொன்னது. நம் தொலைபேசியில் நாம் சேமித்த பெயரோ, எதிராளி தானே வைத்துக்கொண்ட பெயரோ அந்த இடத்தில் வரக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஊர் வியாபாரத்தில் கடை ஒருவர் பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும், செல்பேசி எண் மூன்றாவது ஒருவர் பெயரில் இருக்கும். பெயர் பொருந்தாமல் இருப்பதே பழகிப்போன இடத்தில், பொருந்தாத பெயர் யாரையும் எச்சரிப்பதில்லை. தவறு விரலில் நேர்ந்தது உண்மை. ஆனால் அது பிடிபட்டிருக்க வேண்டிய இடத்தில் பிடிபடாமல் போனதற்கு இந்தப் பழக்கமே காரணம்.

செய்யாமல் தடுத்த மூன்று காரியங்கள்

நான் போய்ச் சேர்வதற்குள் பட்டறையில் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் மூன்று, நிலைமையை மோசமாக்கியிருக்கும்.

முதல் யோசனை, வங்கியை அழைத்துப் பணத்தை நிறுத்தச் சொல்வது. காசோலையை நிறுத்தலாம், யூபிஐ பணத்தை நிறுத்த முடியாது. ரகசிய எண்ணைப் போட்ட சில விநாடிகளில் அது மற்றவரின் கணக்கில் அவருடைய பணமாகப் பதிவாகிவிடுகிறது. அனுப்பியவரின் தவறுக்காக, பெற்றவரின் சம்மதம் இல்லாமல் அவர் கணக்கிலிருந்து எந்த வங்கியும் தானாகப் பணத்தை எடுத்துத் தராது. உங்கள் கணக்குக்கும் அதே பாதுகாப்புதான். இதை ஏற்றுக்கொண்டால்தான் முதல் ஒரு மணி நேரத்தைச் சரியாகச் செலவிட முடியும்: அந்த நேரத்தில் பணத்தைப் பிடுங்கி எடுக்க முடியாது, பெற்றவர் திருப்பித் தர முன்வருவதற்கான வழியைத்தான் உண்டாக்க முடியும்.

இரண்டாவது யோசனை, இணையத்தில் தேடி அந்தச் செயலியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை எடுப்பது. பட்டறையில் வேலை செய்யும் பையன் ஏற்கெனவே ஓர் எண்ணைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். அதை அழைக்க வேண்டாம் என்றேன். வங்கிகள், செயலிகள் ஆகியவற்றின் பெயரில் போலி உதவி எண்களை இணையத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, இப்படிப் பதறி அழைப்பவர்களுக்காகவே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. "பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், திரையைப் பகிருங்கள், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். தவறுதலாகப் போனது ₹24,000. அந்த அழைப்பில் கணக்கே காலியாகிவிடும். உதவி எண்ணை டெபிட் கார்டின் பின்புறத்திலிருந்தோ, வங்கிப் புத்தகத்திலிருந்தோ, செயலிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதியிலிருந்தோ மட்டும் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்வது. பலரும் நல்லெண்ணத்தோடு தரும் ஆலோசனை இது. மோசடி என்றால் அதுதான் சரியான எண்; அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். யாரோ பொய் சொல்லி உங்களைப் பணம் அனுப்ப வைத்திருந்தால் தயங்காமல் அழையுங்கள். ஆனால் இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மோசடி என்று புகார் செய்தால், பணம் போன கணக்கில் அந்தத் தொகையை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. சில நேரம் கணக்கே முடங்கிப்போகும். அதன் பிறகு பெற்றவர் மனமுவந்து திருப்பித் தர நினைத்தாலும் முடியாது. முடக்கத்தை நீக்கக் காவல்துறையின் கடிதமோ நீதிமன்ற உத்தரவோ தேவைப்படும். அதோடு, ஒரு தவறும் செய்யாத மனிதரைக் குற்றவாளி இடத்தில் நிறுத்தியிருப்போம். அவருடைய சம்மதம்தான் நமக்குத் தேவை என்னும்போது, இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது.

4.25 முதல் 4.45 வரை: பதிவு செய்தல்

பெற்றவரை முதலில் அழைப்பதா, புகாரை முதலில் பதிவு செய்வதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. புகாரை முதலில் பதிவு செய்யுங்கள் என்பதே என் கருத்து. செயலியில் அதற்குச் சில நிமிடங்களே ஆகும். புகார் எண் கையில் இருந்தால், பிறகு அழைக்கும்போது முன்பின் தெரியாதவரிடம் "என்னை நம்ப வேண்டாம், உங்கள் வங்கியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஓர் ஆதாரம் இருக்கும்.

முதலில் அந்தப் பரிவர்த்தனையின் முழு விவரம் தெரியும் திரையைப் படம் எடுத்துவைத்தோம். தேதி, நேரம், தொகை, பெற்றவரின் பெயர், யூபிஐ முகவரி ஆகியவற்றோடு 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்றும் அதில் இருக்கும். திரையில் பெரும்பாலும் `UTR` என்று போட்டிருப்பார்கள். வங்கிகளுக்கு இடையே அந்தப் பணத்தை அடையாளம் காட்டுவது இந்த எண்தான். செயலி தன் வசதிக்காகக் கொடுக்கும் நீண்ட எண் வேறு. வங்கிக்குப் பேசும்போது இந்த 12 இலக்கத்தைச் சொன்னால் வேலை விரைவாக நடக்கும்.

பிறகு வியாபாரியின் பில்லையும் படம் எடுக்கச் சொன்னேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சரியான எண்ணும் தட்டிய எண்ணும் அருகருகே இருந்தால், இரண்டு இலக்கம் மட்டுமே இடம் மாறியிருப்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தொகையும் பில்லின் தொகையும் ஒன்றாக இருக்கின்றன. தவறு நேர்ந்ததற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடையாது. எதிர்ப்பக்க வங்கிக்கும், அந்த மனிதருக்கும், நிலைமை முற்றினால் நீதிமன்றத்துக்கும் இது போதும்.

செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, உதவிப் பகுதிக்குள் போய், தவறான நபருக்கு அனுப்பப்பட்டது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் புகார் பதிந்தோம். பெரும்பாலான செயலிகளில் காரணங்கள் பட்டியலாக வரும். "பணம் போனது, பெற்றவருக்குச் சேரவில்லை" என்ற காரணமும் பக்கத்திலேயே இருக்கும். பதற்றத்தில் அதைத் தட்டிவிட்டால், பணம் சேர்ந்துவிட்டது என்று பதில் வந்து புகார் அத்துடன் முடிந்துவிடும். நான் பார்த்த பல புகார்கள் இப்படித்தான் முதல் படியிலேயே விழுந்தன.

அடுத்து வங்கியின் உதவி எண். இரண்டாம் சனிக்கிழமை என்பதால் கிளை மூடியிருந்தது. ஆனாலும் கட்டணமில்லாத் தொலைபேசி சேவை இயங்கியது. சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன்: இன்ன தேதி, இன்ன நேரம், இவ்வளவு தொகை, இந்தக் குறிப்பு எண், தவறான எண்ணுக்கு அனுப்பிவிட்டேன், பணம் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்பி, கணக்குதாரரின் சம்மதம் கேட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள், புகார் எண் கொடுங்கள். "பணத்தைப் பிடித்துக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் அந்த ஊழியர் முடியாது என்று சொல்லி வைத்திருப்பார். அவரால் செய்ய முடிந்ததைக் கேட்டதால் செய்தார்.

பையன் இன்னொன்று கேட்டான். பெற்றவரின் யூபிஐ முகவரியில் `@` குறிக்குப் பின்னால் ஒரு வங்கியைக் குறிக்கும் எழுத்துகள் இருந்தன. அந்த வங்கியின் கிளை ஈரோட்டிலேயே இருக்கிறது. திங்களன்று நேரே போய்க் கேட்டால் என்ன என்றான். பயன் இல்லை என்றேன். அந்த எழுத்துகள் செயலி எந்த வங்கியோடு சேர்ந்து இயங்குகிறது என்பதைக் காட்டுமே தவிர, பணம் எந்த வங்கிக் கணக்கில் விழுந்தது என்பதைக் காட்டாது. கணக்கு முற்றிலும் வேறு வங்கியில் இருக்கலாம். சரியான வங்கியைக் கண்டுபிடித்தாலும், கணக்குதாரரின் விவரத்தை வெளியாளுக்குத் தர மாட்டார்கள். குறிப்பு எண்ணை வைத்து உங்கள் வங்கி அவர்கள் வங்கியைத் தொடர்புகொள்வதே வழி. செயலியும் வங்கியும் அசையாவிட்டால் என்பிசிஐயின் இணையதளத்தில் யூபிஐ புகார்ப் பகுதி இருக்கிறது. 1800-120-1740 என்ற எண்ணும் இருக்கிறது. இந்த நிகழ்வில் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

4.45 முதல் 5.10 வரை: முன்பின் தெரியாத ஒருவரின் நம்பிக்கை

வங்கிக் கணக்கு எண்ணைத் தவறாக எழுதினால் பணம் யாரிடம் போனது என்பதே தெரியாது. செல்பேசி எண்ணுக்கு அனுப்பும்போது ஒரு வசதி உண்டு: அந்த எண் நமக்குத் தெரியும். அழைக்கலாம். ஆனால் அழைப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

பெற்றவரின் பக்கமிருந்து பாருங்கள். "உங்கள் கணக்கில் தவறுதலாகப் பணம் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்பது நாட்டில் ஊரறிந்த மோசடி வசனம். வங்கியிலிருந்து வந்ததைப் போலவே தோன்றும் போலிக் குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டு, வராத பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். யூபிஐயில் தனிநபர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பணம் கோரும் வசதி இருந்த காலத்தில், "பணம் பெற இதை அழுத்துங்கள்" என்று கோரிக்கையை அனுப்பி, அழுத்தியவரின் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அந்த வசதியை 2025 அக்டோபரோடு என்பிசிஐ நிறுத்தியதற்கு இதுவே காரணம். இன்னொரு வகை இதைவிடக் கொடியது. வேறொருவரிடம் திருடிய பணத்தை உங்கள் கணக்கில் உண்மையாகவே போட்டு, அதை மூன்றாவது ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். அனுப்பிவிட்டால், காவல்துறை தேடி வரும்போது பிடிபடுவது உங்கள் கணக்கு. எனவே சந்தேகப்படும் மனிதரைத் தவறாக எண்ணக் கூடாது. அவர் விழிப்போடு இருக்கிறார்.

இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை அழைக்க வேண்டாம், குறுஞ்செய்தி அனுப்புங்கள் என்றேன். அனுப்பியது இது:

"ஐயா / அம்மா, வணக்கம். இன்று மாலை 4.10க்கு ரூ.24,000 உங்கள் எண்ணுக்குத் தவறுதலாக அனுப்பிவிட்டேன். எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. என் வங்கியில் புகார் பதிந்திருக்கிறேன். உங்கள் வங்கியிலிருந்து அழைப்பு வரலாம். நான் எந்த இணைப்பும் அனுப்ப மாட்டேன், ஓடிபி கேட்க மாட்டேன். உங்கள் இருப்பை நீங்களே சரிபாருங்கள். பணம் வந்திருந்தால், அது எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதே முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். வேறு எந்த எண்ணுக்கும் வேண்டாம்."

இதில் கடைசி இரண்டு வாக்கியங்களை நான் வலியுறுத்திச் சேர்த்தேன். மோசடிக்காரர் பணத்தை வேறு கணக்குக்குத்தான் கேட்பார். வந்த வழியே திருப்பச் சொல்பவருக்கு ஒளிக்க எதுவும் இல்லை. அதற்காகவே இன்னொன்றும் சொல்லிவைத்தேன்: வியாபாரிக்கே நேராக அனுப்பிவிடுங்கள் என்று மறந்தும் கேட்காதீர்கள். வேலை மிச்சம் என்று தோன்றும். கேட்பவர் காதில் அது மோசடிக்காரரின் குரலாகவே விழும்.

4.52க்கு ஒரு நடுத்தர வயது ஆண் அழைத்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். கணக்கு அவர் மனைவியுடையது.

"யாரம்மா நீங்கள்? இப்படிச் சொல்லித்தான் எங்கள் ஊரில் ஒருவரிடம் பணத்தைப் பறித்தார்கள்."

"ஐயா, நீங்கள் பயப்படுவது சரிதான். என் பேச்சை நம்பி எதுவும் செய்ய வேண்டாம். பணம் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்."

"செய்தி வந்திருக்கிறது. திங்கட்கிழமை வங்கிக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் எதுவும் செய்வேன்."

"அப்படியே செய்யுங்கள் ஐயா. புகார் எண்ணை அனுப்புகிறேன். வங்கியில் காட்டுங்கள். அதுவரை அந்தப் பணத்தை எடுக்காமல் மட்டும் வைத்திருங்கள்."

பட்டறையில் இருந்தவர்களுக்கு ஏமாற்றம். இப்போதே அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாமே என்றார்கள். கெஞ்சுவதும் மிரட்டுவதும் மோசடிக்காரர்களின் முறை. இரண்டும் சந்தேகத்தையே கூட்டும். அந்த மனிதர் கேட்ட திங்கட்கிழமை நியாயமானது. எனக்கு அந்தக் குரலில் நம்பிக்கை வந்தது. தந்துவிட நினைப்பவர்தான் வங்கியிடம் கேட்க வேண்டும் என்பார். தராமல் இருக்க நினைப்பவர் எண்ணைத் தடுத்துவிட்டுப் போயிருப்பார்.

வியாபாரிக்கு அந்த மாலையே இன்னொரு ₹24,000 போக வேண்டியிருந்தது. ஒரு ரூபாயை முதலில் அனுப்பி, அவர் "வந்துவிட்டது" என்று வாயால் சொன்ன பிறகு மீதியை அனுப்பச் செய்தேன். புதிய எண் எதுவானாலும் இதுதான் வழி. இலக்கம் மாறுவதை மட்டுமல்ல, எண்ணே கைமாறியிருப்பதையும் அந்த ஒரு ரூபாய் காட்டிக்கொடுக்கும். துண்டிக்கப்பட்ட செல்பேசி எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அப்படிக் கைமாறிய எண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு வாரம் ஒரு முறையாவது நீக்க வேண்டும் என்று வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் என்பிசிஐ 2025இல் விதித்திருக்கிறது. ஆனாலும் பழைய பில்லில் உள்ள எண்ணைத் தட்டுபவருக்கு அது முழுக் காப்பு ஆகாது.

திங்கட்கிழமை: ₹590 எங்கே போனது?

விழுப்புரத்துக்காரர் சொன்னபடியே மனைவியுடன் வங்கிக்குப் போனார். கிளைக்கு ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. வரவு உண்மை என்று மேலாளர் காட்டினார். அங்கேயே அமர்ந்து, செயலியில் அந்த வரவைத் திறந்து அதிலிருந்தே அனுப்பினார்கள். வந்தது ₹23,410.

பட்டறையில் உடனே முணுமுணுப்பு எழுந்தது. ₹590ஐ வைத்துக்கொண்டார் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டவுடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ₹500க்கு 18 சதவீத ஜிஎஸ்டி ₹90, சேர்ந்தால் ₹590. வங்கிக் கட்டணத்தின் முகம் அது. அந்தக் கணக்கு அதிகம் பயன்படாதது. குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான கட்டணம் பாக்கியாக நின்றிருக்கிறது. பணம் விழுந்தவுடன் வங்கியின் கணினி அதைக் கழித்துக்கொண்டது. அவர்கள் அனுப்பிய வங்கிப் புத்தகத்தின் படத்தில் வரவுக்கு அடுத்த வரியிலேயே அது இருந்தது.

முதல் மணி நேரத்தின் அவசரத்துக்கு இப்படி ஒரு காரணமும் இருக்கிறது. பெற்றவர் செலவழித்துவிடுவாரோ என்று மட்டுமே நாம் அஞ்சுகிறோம். அவர் தொடாமலே பணம் குறையலாம். கட்டணப் பாக்கி பிடித்துக்கொள்ளும். தவணை நாளில் விழுந்திருந்தால், முந்தைய மாதங்களில் இருப்பு இல்லாமல் திரும்பிய கடன் தவணை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். பெற்றவரிடம் நேர்மை இருந்தும் கையில் பணம் இராது. ஆகவே அவருடன் பேசும்போது தானியங்கித் தவணை ஏதேனும் அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று மென்மையாகக் கேட்டு வைப்பது நல்லது. அந்த ₹590 அவருடைய பாக்கிக்குத்தான் போயிருக்கிறது, அதனால் தர வேண்டியவர் அவரே. அவரே அப்படிச் சொல்லி, கூலி வந்ததும் அனுப்பிவிட்டார்.

அவர் மறுத்திருந்தால்

மறுப்பவர்களும் உண்டு. அப்போது உங்கள் வங்கி, "பெற்றவர் சம்மதிக்கவில்லை" என்று பதில் தந்து புகாரை முடித்துவிடும். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி 30 நாளாகியும் பதில் தராவிட்டாலோ, உங்கள் புகாரை எதிர்ப்பக்க வங்கிக்கு அனுப்பாமலே வைத்திருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளம் வழியாகப் போகலாம். ஆனால் அங்கே விசாரிப்பது வங்கியின் குறையைத்தான். எண்ணைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு அனுப்புபவருடையது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே மின்னணுப் பணப் பரிமாற்றங்களுக்குச் சொல்லிவிட்டது. எனவே உங்கள் விரல் செய்த தவறுக்கு வங்கியிடம் பணம் வாங்கித் தர மாட்டார்கள்.

பெற்றவர் மீது சட்டம் தெளிவாக இருக்கிறது. தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. தெரிந்தே, நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு குற்றமாகவே கருதுகிறது. தண்டனை 6 மாதத்திலிருந்து 2 ஆண்டுவரை சிறை, அபராதம். முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு. பெயரும் முகவரியும் தெரியாவிட்டால் காவல் நிலையத்தில் புகார். அவர்கள் கேட்டால் வங்கி விவரம் தரும். ₹24,000 போன்ற தொகைக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அலைவதைவிட, வட்டச் சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனுக் கொடுத்து எதிராளியைச் சமரசத்துக்கு அழைக்கச் செய்வது மேல் என்பேன். அதற்குக் கட்டணம் கிடையாது. எதிராளி வராமலும் போகலாம். அப்போது உரிமையியல் வழக்குதான். அதற்குத் தவறு தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

புகாரை மூடுதல்

பணம் வந்ததும் எல்லோரும் மறந்துவிடும் ஒரு வேலை மீதம் இருந்தது. செயலியிலும் வங்கியிலும் புகார்கள் திறந்தே இருந்தன. அப்படியே விட்டால், விழுப்புரத்து வங்கி அடுத்த வாரமும் அந்தக் குடும்பத்தை அழைத்துச் சம்மதம் கேட்கும். அவர்களும் விவரம் புரியாமல் கையெழுத்திட்டால் இரண்டாம் முறை பணம் கழியவும் கூடும். எனவே அன்று மாலையே செயலியில் புகாரைத் திரும்பப் பெறச் செய்தேன். திரும்பி வந்த ₹23,410க்கான 12 இலக்கக் குறிப்பு எண்ணையும் குறிப்பிட்டு, தொகை கிடைத்துவிட்டது, மேல் நடவடிக்கை வேண்டாம் என்று தன் கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கினார். அந்த நகலின் படத்தை விழுப்புரத்துக்கும் அனுப்பி, வங்கியிலிருந்து மறுபடி யாராவது அழைத்தால் இதைக் காட்டச் சொன்னார்.